ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயா?

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் சிவகிரி. முன்பு சங்கரன்கோவில் வட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஊர், இப்போது தென்காசி மாவட்டத்தில் தனி வட்டம். அங்கே வரிசையாக ஐந்து வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன்பே, எந்த வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று குடியிருப்பவர்களிடம் சொல்லிவிடுவது அவர் வழக்கம். அதற்காக எக்செலில் ஒரு தாள் வைத்திருக்கிறார். A பத்தியில் வீட்டு எண், B-யில் பழைய மீட்டர் அளவு, C-யில் புதிய அளவு, D-யில் யூனிட், E-யில் தொகை.

ஒரு முறை முதல் வீட்டுக்கு 500 யூனிட், தொகை 1725 ரூபாய் என்று வருகிறது. அடுத்த வீட்டுக்கு 501 யூனிட். தொகை 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் ஏறியிருக்கிறது. ஃபார்முலாவில் ஏதோ தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். தப்பா, சரியா என்று எப்படித் தீர்மானிப்பது? நீளமான ஃபார்முலாவை வெறும் கண்ணால் படித்துப் பார்த்தால் பாதி வழியிலேயே அடைப்புக்குறிகளுக்குள் தொலைந்துபோவோம். எக்செலில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. முழு ஃபார்முலாவையும் எடுத்துக்கொண்டு, ஒரு கிளிக்குக்கு ஒரு சிறு கணக்கு என்று நம் கண்முன்னே போட்டுக்காட்டும். அதன் பெயர் `Evaluate Formula`.

முதலில் கட்டண விதியைப் பார்த்துவிடலாம், அது புரியாமல் ஃபார்முலா புரியாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. ஆகவே இதிலுள்ள ரூபாயை இன்றைய பில்லோடு ஒப்பிட வேண்டாம். கணக்கின் போக்குதான் நமக்கு வேண்டும். அந்தக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே வேறு. அப்போது 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6, பிறகு 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11.

இதை நம் வீட்டுக்காரர் ஃபார்முலாவாக எழுதி, E2-வில் போட்டுக் கீழே இழுத்திருக்கிறார்:

```
=IF(D2<=500,
 MAX(0,MIN(D2,200)-100)*2.25
 +(MIN(D2,400)-200)*4.5
 +MAX(0,D2-400)*6,
 300*4.5+100*6
 +(MIN(D2,600)-500)*8
 +MAX(0,MIN(D2,800)-600)*9
 +MAX(0,MIN(D2,1000)-800)*10
 +MAX(0,D2-1000)*11)
```

`MIN` இரண்டில் சிறியதை எடுக்கும், `MAX` பெரியதை எடுக்கும். `MIN(D2,200)-100` என்றால், 200-க்கு மேல் எவ்வளவு ஓடியிருந்தாலும் 200 வரைதான் எடுத்துக்கொள், அதில் இலவச 100-ஐக் கழி என்று பொருள். விடை மைனஸில் போனால் அதைப் பூஜ்யமாக்கத்தான் வெளியே `MAX(0, ...)` நிற்கிறது. ஒவ்வொரு படிக்கட்டணத்துக்கும் இதே வார்ப்பு. இந்த ஃபார்முலாவில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இப்போதைக்கு அதை விட்டுவிட்டு 501 யூனிட் வீட்டுக்குப் போவோம்.

501 யூனிட் இருக்கும் வரிசை மூன்றாவது. E3-ஐச் சொடுக்கி, மேலே `Formulas` தாவலுக்குப் போனால் `Formula Auditing` என்ற தொகுப்பில் `Evaluate Formula` இருக்கும். விண்டோஸ் கணினியில் Alt, M, V என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் அதே இடம்தான். சிறிய பெட்டி ஒன்று திறக்கும். இடப்பக்கம் எந்த செல் என்பது, வலப்பக்கம் முழு ஃபார்முலா. கீழே `Evaluate`, `Step In`, `Step Out`, `Close` என்று பொத்தான்கள்.

வலப்பக்கத்தில் ஃபார்முலாவின் ஒரு துண்டுக்கு மட்டும் அடிக்கோடு இருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கருவியில் பார்க்க வேண்டியதே அந்த அடிக்கோட்டைத்தான். அடுத்த கிளிக்கில் கணக்கிடப்படப் போகும் துண்டு அது. கிளிக் செய்ததும் அந்த இடத்தில் விடை வந்து சாய்ந்த எழுத்தில் உட்காரும். அடிக்கோடு அடுத்த துண்டுக்கு நகரும். பலர் `Evaluate`-ஐ வேகமாகத் தட்டிக்கொண்டே போய்க் கடைசி விடையைப் பார்த்துவிட்டு மூடுகிறார்கள். கடைசி விடை ஏற்கெனவே செல்லில் இருக்கிறது, அதற்கு இந்தக் கருவி தேவையே இல்லை. ஒவ்வொரு கிளிக்குக்கு முன்பும் அடிக்கோடிட்ட துண்டைப் பார்த்து, இதற்கு என்ன விடை வர வேண்டும் என்று மனத்தில் சொல்லிக்கொண்டு, பிறகு தட்டுங்கள். நீங்கள் சொன்னதும் திரையில் வந்ததும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே நிற்க வேண்டும்.

E3-இல் முதலில் அடிக்கோடு D3-இன் கீழ் இருக்கும். ஒரு கிளிக்: அது 501 ஆகிறது. இப்போது அடிக்கோடு `501<=500` என்பதன் கீழ். அடுத்த கிளிக்: FALSE. அதாவது 500-க்குள் இல்லை. இனி `IF` வரிக்கு அடுத்த மூன்று வரிகளை எக்செல் தொடாது, நேராக `300*4.5`-க்குத் தாவும். அப்படித் தொடாமல் விட்ட பகுதியில் `#N/A` என்று காட்டினால் திடுக்கிட வேண்டாம். `IF` தேர்ந்தெடுக்காத பக்கத்தை இந்தப் பெட்டி சில சமயம் அப்படித்தான் குறிக்கும். செல்லில் பிழை என்று அதற்குப் பொருள் இல்லை.

`300*4.5` தட்டினால் 1350. `100*6` தட்டினால் 600. கூட்டினால் 1950. பிறகு `MIN(D3,600)` 501 ஆகி, 500 கழிந்து 1 ஆகி, எட்டால் பெருகி 8 ஆகும். ஆக 1958. அதன்பின் வரும் மூன்று படிகளிலும் மைனஸ் எண் வந்து, `MAX` அதைப் பூஜ்யமாக்கிவிடும்.

233 ரூபாயின் ரகசியம் அந்த 1350-இல் இருக்கிறது. 500 யூனிட் வீட்டில் இதே வேலையைச் செய்தால் 225, 900, 600 என்று மூன்று எண்கள் வரும். 101 முதல் 400 வரைக்கான பகுதி அங்கே 225-ம் 900-மாகப் பிரிந்து 1125 ரூபாய். 501 யூனிட் வீட்டிலோ அதே 300 யூனிட்டுக்கு 1350 ரூபாய். இடையே 225 ரூபாய் வித்தியாசம். 501-ஆவது யூனிட்டின் 8 ரூபாயைச் சேர்த்தால் 233. இந்த 233 ஃபார்முலாவின் தப்பில்லை, விதியே அப்படி. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது. இனிக் குடியிருப்பவர் கேட்டால் 1125, 1350 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

அதே ஃபார்முலா மூன்றாவது வீட்டில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அந்த வீட்டில் 180 யூனிட். E4 காட்டுவது 90 ரூபாய். இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆள் குறைந்த வீடு, கொஞ்சமாய் ஓடியிருக்கிறது, கொஞ்சமாய் வந்திருக்கிறது என்று போய்விடுவார்கள். எனக்கு 1958-ஐ விட இந்த 90-தான் கவலை தருகிறது. பெரிய எண் தானாகக் கேள்வி கேட்கவைக்கும். நம்பும்படியான எண் அப்படிக் கேட்கவைக்காது.

E4-இல் பெட்டியைத் திறந்து மெல்லத் தட்டுங்கள். 180-ஐ 500-ஓடு ஒப்பிட்டு TRUE வருகிறது, அது சரி. `MIN(D4,200)` 180, நூறைக் கழித்தால் 80, 2.25-ஆல் பெருக்கினால் 180 ரூபாய். கையால் போட்டாலும் இதுதான். இலவசம் போக 80 யூனிட், அதற்கு 180 ரூபாய். இந்த வீட்டுக்கு வர வேண்டிய முழுத்தொகையும் இவ்வளவே. மீதிப் படிகளில் பூஜ்யம்தான் வர வேண்டும். ஆனால் அடுத்த அடிக்கோடு நகர்ந்ததும் `MIN(D4,400)` 180 ஆகிறது, அதிலிருந்து 200 கழிந்து -20 ஆகிறது. அடுத்த கிளிக்கில் அந்த -20, 4.5-ஆல் பெருகி -90. மேலே வந்த 180-இல் அது கழிந்து 90 ஆகிறது.

மைனஸ் இருபது யூனிட் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அந்த ஒரு கிளிக்கில் பிழை பிடிபட்டுவிடுகிறது. `(MIN(D4,400)-200)*4.5` என்ற வரியில் `MAX(0, ...)` விடுபட்டிருக்கிறது. மற்ற வீடுகளில் இது ஏன் தெரியவில்லை என்றால், யூனிட் 200-ஐத் தாண்டிவிட்டால் அந்தக் கழித்தல் மைனஸில் போகவே போகாது. 500 யூனிட் வீட்டில் 1725 மிகச் சரியாக வந்தது அதனால்தான். ஒரு வீட்டில் விடை சரியாக இருப்பதை வைத்து ஃபார்முலா சரி என்று முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டணப் படிக்கும் ஒரு எண்ணையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். 195 யூனிட்டாக இருந்தால் தப்பு வெறும் 22.50 ரூபாய், இன்னும் கண்ணில் படாது. மாறாக, குடியிருந்தவர் காலி செய்து பூட்டிக்கிடந்த வீட்டில் 40 யூனிட் ஓடியிருந்தால் -720 என்று காட்டி மானத்தை வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட வீடு இந்தத் தாளில் இல்லாததால் பிழை ஒளிந்தே இருந்தது.

திருத்தம் ஒரு வரியில் முடிகிறது:

```
+MAX(0,MIN(D4,400)-200)*4.5
```

இங்கே கூர்ந்து பார்ப்பவர்கள் ஒன்று கேட்பார்கள். `(MIN(D2,600)-500)*8` என்ற வரியிலும் `MAX` இல்லையே, அதையும் திருத்த வேண்டாமா? வேண்டாம். 500-ஐத் தாண்டிய பிறகுதான் கணக்கு அந்தப் பக்கமே வருகிறது. ஆகவே அங்கே கழித்தல் மைனஸாக முடியாது. மேலே எந்த நிபந்தனையைக் கடந்து கணக்கு அந்த இடத்துக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு துண்டு சரியா என்று சொல்ல முடியும். பெட்டியில் ஒழுங்காகப் படிப்படியாகப் போகிறவருக்கு இது கண்முன்னே தெரியும்.

நான்காவது வீட்டில் வேறு மாதிரியான சிக்கல். பழைய அளவு 4320.1, புதிய அளவு 4820.5. மின்னணு மீட்டரில் புள்ளிக்குப் பின்னும் ஓர் எண் ஓடுகிறது, வீட்டுக்காரர் அதையும் விடாமல் எழுதியிருக்கிறார். D5-இல் `=C5-B5`. திரையில் 500 என்று தெரிகிறது, ஏனெனில் அந்தப் பத்திக்குத் தசமம் காட்டாத அமைப்பு கொடுத்திருக்கிறார். ஆனால் E5-இல் 1725 வரவில்லை, 1953.20 வருகிறது. முதல் வீட்டுக்கும் 500, இந்த வீட்டுக்கும் 500, தொகை மட்டும் வேறு.

பெட்டியைத் திறந்து ஒரே ஒரு கிளிக். D5 இருந்த இடத்தில் 500.4 வருகிறது. அமைப்பு மாற்றியது திரையில் தெரியும் உருவத்தை மட்டும்தான், செல்லுக்குள் இருக்கும் எண் அப்படியே இருக்கிறது. `500.4<=500` என்பது FALSE. அரை யூனிட்கூட இல்லாத ஒரு துணுக்குக்காகக் கணக்கு மேல் அட்டவணைக்குத் தாவியிருக்கிறது. செல்லில் தெரியும் எண்ணும் கணக்கில் புகும் எண்ணும் வேறாக இருக்கும் போதெல்லாம் இந்தப் பெட்டி உண்மையைக் காட்டிவிடும். எனக்குத் தெரிந்து இதன் மிகப் பெரிய பயன் இதுதான்.

சரி, தசமத்தை ஒழிக்க வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். நம் வீட்டுக்காரர் D5-ஐ இப்படி மாற்றுகிறார்:

```
=TEXT(C5-B5,"0")
```

இப்போது D5 அசல் 500-ஆகவே தெரிகிறது. E5-ஐப் பார்த்தால் 6550 ரூபாய்!

இதைப் படித்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், தட்டிக் கண்டுபிடிப்பது மிக எளிது. பெட்டியைத் திறந்து முதல் கிளிக் செய்யுங்கள். D5 இருந்த இடத்தில் 500 வராது, `"500"` என்று மேற்கோள் குறிக்குள் வரும். அந்த இரண்டு குறிகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். எக்செல் அதை எண்ணாகப் பார்க்கவில்லை, ஐந்து, சுழி, சுழி என்ற எழுத்துகளாகப் பார்க்கிறது என்று பொருள். `TEXT` என்ற ஃபங்ஷன் எதைக் கொடுத்தாலும் எழுத்தாக்கித்தான் திருப்பித் தரும். அடுத்த கிளிக்கில் `"500"<=500` என்பது FALSE ஆகிறது. எக்செலின் வரிசையில் எந்த எழுத்தும் எந்த எண்ணைவிடவும் பெரியது. ஆகவே `"5"` என்று இருந்தாலும் இங்கே FALSE-தான்.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் விநோதம். `MIN(D5,600)` 600 என்று வருகிறது. செல்லைச் சுட்டிக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்தை `MIN` கணக்கில் சேர்ப்பதே இல்லை, மிச்சமிருக்கும் 600-ஐ எடுத்துக்கொள்கிறது. ஆக 100 யூனிட் எட்டு ரூபாய் வீதம் 800. இதே போல `MIN(D5,800)` 800 ஆகி 200 யூனிட் ஒன்பது ரூபாய் வீதம் 1800. `MIN(D5,1000)` 1000 ஆகி 200 யூனிட் பத்து ரூபாய் வீதம் 2000. கடைசி வரியில் மட்டும் `D5-1000` என்று நேரடியாகக் கழிப்பதால், எக்செல் அந்த எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு -500 என்று சரியாகச் சொல்கிறது, `MAX` அதைப் பூஜ்யமாக்குகிறது. 1950-உடன் 800, 1800, 2000 சேர்ந்து 6550. அந்த வீட்டில் ஆயிரம் யூனிட் ஓடியது போன்ற பில்.

ஒரே ஃபார்முலாவுக்குள் ஒப்பிடும் இடத்தில் ஒரு மாதிரி, `MIN`-க்குள் வேறு மாதிரி, கழித்தலில் இன்னொரு மாதிரி என்று ஒரே செல் மூன்று விதமாக நடத்தப்படுகிறது. எண்ணாக மாற்ற முடியாத எழுத்தாக இருந்திருந்தால் `#VALUE!` என்று பிழையாவது காட்டியிருக்கும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு முழு எண் வந்து நிற்பதுதான் ஆபத்து.

எழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரிய `Step In` பொத்தான் உதவும். பெட்டியைப் புதிதாகத் திறந்து, அடிக்கோடு D5-இன் கீழ் இருக்கும்போதே `Evaluate`-க்குப் பதிலாக `Step In`-ஐத் தட்டுங்கள். கீழே இன்னொரு பெட்டி திறந்து D5-க்குள் இருக்கும் ஃபார்முலாவைக் காட்டும். `TEXT` அங்கே கையும் களவுமாக நிற்கும். அங்கிருந்து C5, B5 என்று இன்னும் உள்ளே போகலாம். `Step Out` தட்டினால் விடையோடு மேலே திரும்பலாம். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலாவில் ஒரு செல் இரண்டாம் முறை வரும்போது `Step In` கிடைக்காது. D5 இந்த ஃபார்முலாவில் பல இடங்களில் வருகிறது, அதற்குள் நுழைய முதலாவது இடத்தில்தான் வழி. அதைத் தவறவிட்டால் மூடிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் எளிது. வேறொரு கோப்பிலிருக்கும் செல்லுக்குள்ளும் நுழைய முடியாது.

சரியான திருத்தம் எண்ணை எண்ணாகவே வைத்திருக்க வேண்டும்:

```
=ROUND(C5-B5,0)
```

இப்போது D5 500, E5 1725. பெட்டியில் மேற்கோள் குறி இல்லாமல் 500 என்று வருகிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்தியில் வேறெங்காவது எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று அறிய, பக்கத்தில் `=ISNUMBER(D2)` என்று போட்டுக் கீழே இழுத்தால் போதும், FALSE வரும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. குறுஞ்செய்தியிலிருந்தோ இணையதளத்திலிருந்தோ ஒட்டிய எண்களில் இது அடிக்கடி அகப்படும்.

இந்தக் கருவிக்குச் சில எல்லைகள் உண்டு. பின்னால் போக வழியில்லை. ஒரு படியைக் கவனிக்காமல் தட்டிவிட்டால் கடைசிவரை போய், `Evaluate` பொத்தான் `Restart` என்று மாறிய பிறகு முதலிலிருந்து வர வேண்டும், அல்லது மூடித் திறக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே ஃபார்முலாவைத் திருத்த முடியாது. ஒரு நேரத்தில் ஒரு செல்தான். காலியான செல்லை 0 என்று காட்டும், ஆகவே புதிய அளவை எழுத மறந்த வீட்டில் 0-ஐப் பார்த்து, உண்மையிலேயே யாரோ சுழியம் எழுதியிருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. `SUM(E2:E6)` போன்ற நீண்ட வீச்சை ஒவ்வொரு வீடாகப் பிரித்துக் காட்டாது, ஒரே கிளிக்கில் மொத்தத்தைச் சொல்லிவிடும். `TODAY`, `NOW`, `RAND`, `OFFSET`, `INDIRECT` போன்றவை தாள் மாறும் போதெல்லாம் புதிதாகக் கணக்காகின்றன. அவை உள்ள ஃபார்முலாவில் பெட்டி காட்டும் விடையும் செல்லில் உள்ள விடையும் மாறுபடலாம்.

நடுவில் உள்ள ஒரு துண்டை மட்டும் பார்க்க வேண்டும், முதலிலிருந்து தட்டிக்கொண்டு வர நேரமில்லை என்றால் F9 உண்டு. செல்லைச் சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையில் அந்தத் துண்டை மட்டும், உதாரணத்துக்கு `MIN(D4,400)-200` என்பதை, இழுத்துத் தேர்ந்தெடுத்து F9 தட்டினால் அந்த இடத்தில் -20 வரும். துண்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அடைப்புக்குறி ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்று விட்டால் எக்செல் ஏற்காது. பார்த்து முடித்ததும் Esc-ஐத் தட்டி வெளியேறுங்கள், Enter-ஐத் தொடாதீர்கள். Enter தட்டினால் அந்தத் துண்டு அழிந்து, -20 என்ற எண்ணே ஃபார்முலாவில் நிரந்தரமாகிவிடும். அடுத்த இரண்டு மாதத்துக்கு யூனிட் மாறினாலும் அந்த -20 மாறாது. தட்டிவிட்டது உடனே தெரிந்தால் Ctrl+Z மீட்டுத்தரும். `Evaluate Formula` பெட்டியில் இந்தப் பயம் இல்லை, எத்தனை முறை தட்டினாலும் அது ஃபார்முலாவைத் தொடுவதில்லை. பிறர் எழுதிய தாளைச் சோதிக்கும்போது நான் பெட்டியையே விரும்புவேன்.

லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு இதே பெயரில் கருவி இல்லை. ஆனால் ஃபார்முலா உள்ள செல்லில் நின்று Ctrl+F2 தட்டினால் `Function Wizard` திறக்கும். அதில் `Structure` என்ற தாவலில் ஃபார்முலா கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு கிளையையும் சொடுக்கி அதன் விடையைப் பார்க்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக நகரும் அடிக்கோடு அதில் இல்லை, எந்தக் கிளையை முதலில் பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது வீட்டை இதுவரை தொடவில்லை. அதில் 340 யூனிட். திருத்திய ஃபார்முலாவில் முதல் படி 225 ரூபாய், இரண்டாவதில் 140 யூனிட் 4.50 வீதம் 630, மூன்றாவதில் 340-இலிருந்து 400 கழிந்து -60, அதை `MAX` பூஜ்யமாக்குகிறது. மொத்தம் 855 ரூபாய். புதிதாக இந்தப் பெட்டியைப் பழகுபவர்கள் இந்த வீட்டில் தொடங்கலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது அடிக்கோடு எந்த வரிசையில் நகர்கிறது, எந்த எண் எங்கே உட்காருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், 180 யூனிட் வீட்டில் -20 வந்த இடமும், நான்காவது வீட்டில் `"500"` வந்த இடமும் தானாகக் கண்ணில் உறுத்தும்.